மூடி வைத்த கம்பி

பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்து வந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து நெடுஞ்சாலைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு மெல்லிய கம்பியில் வெப்பம் பரவும் கணக்கு வரும். பதினாறு மதிப்பெண். அந்தக் கணக்கில் லாம்டா என்றொரு எண்ணை எடுத்துக்கொண்டு, அது நேர்மமாக இருந்தால், பூஜ்யமாக இருந்தால், எதிர்மமாக இருந்தால் என்று மூன்று நிலைகளையும் பார்க்க வேண்டும். முதல் இரண்டிலும் ஒன்றும் தேறாது, மூன்றாவதில்தான் விடை இருக்கிறது. அதனால் நான் சொல்வேன்: "லாம்டா பூஜ்யம்னா விடையும் பூஜ்யம். ஒரு வரி எழுதிட்டு கீழ போங்க. நேரத்த வீணாக்காதீங்க." அரியர் வைத்த பிள்ளைகள் அந்த ஒரு வரியால் ஐந்து நிமிடம் மிச்சப்படுத்திக்கொண்டு தேறியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்திருக்கிறார்கள்.

என் மகளுக்கும் அந்த வரியை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் அதே கல்லூரியில் இயந்திரவியல் கடைசி ஆண்டு படித்தாள்.

அவளும், ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் அவள் தோழியும் சேர்ந்து கடைசி ஆண்டு ஆய்வு வேலையாக இதே கணக்கைச் சோதனைக்கூடத்தில் செய்து பார்க்க எடுத்துக்கொண்டார்கள். ஒரு முழம் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக, நாற்பது சென்டிமீட்டர் இரும்புக் கம்பி. கட்டை விரல் பருமன். அதைச் சுற்றி, வெப்பம் வெளியேறாதபடி கண்ணாடிப் பஞ்சு அடைத்த இரண்டு பாதி ஓடுகள், பெட்டி மாதிரித் திறந்து மூடலாம். நடுவில் ஒரு சிறிய சூடேற்றி. இரண்டு முனைகளும் பனிக்கட்டித் தண்ணீரில். நடுவில் சூடு ஏற ஏற, கம்பியின் வெப்பநிலை கூரை முகடு போல ஆகும்: நடுவில் உச்சம், இரு பக்கமும் நேராகச் சரிந்து முனையில் பூஜ்யம். அப்புறம் சூடேற்றியை அணைத்துவிட்டு, அது எப்படி ஆறுகிறது என்று பார்க்க வேண்டும். கணக்கு முன்கூட்டிச் சொல்வதும் மீட்டர் காட்டுவதும் ஒத்துப்போகிறதா என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

கணக்கின் வழி எனக்கு எப்போதும் பிடித்தமானது. அந்தக் கூரை முகட்டை அப்படியே கையாள முடியாது. அதை சைன் அலைகளாகப் பிரித்துவிட வேண்டும். முதல் அலை கம்பி முழுவதற்கும் ஒரே ஒரு வளைவு. அடுத்தடுத்த அலைகள் நெருக்கமாக நெளியும். பிரித்துவிட்டால் ஒவ்வோர் அலையும் மற்றதைத் தொந்தரவு செய்யாமல், தன் வடிவம் மாறாமல், தன் வேகத்தில் சுருங்கிக்கொண்டே போகும். மூன்றாவது அலை முதலாவதைவிட ஒன்பது மடங்கு வேகமாகத் தேயும். ஐந்தாவது இருபத்தைந்து மடங்கு. சூடான இடமும் குளிர்ந்த இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வெப்பம் கடக்க வேண்டிய தூரம் குறைவு, அதனால்தான். முகட்டின் கூர்மை முதலில் மழுங்கும். கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு வளைவு மிஞ்சி, அது நிதானமாகத் தாழும்.

பனிக்கட்டி வைத்துச் செய்தபோது எல்லாம் அப்படியே நடந்தது. மகள் போட்ட அட்டவணையும் மீட்டரும் ஓரிரண்டு டிகிரி வித்தியாசத்தில் சேர்ந்தே இறங்கின. எழுபது நிமிடம் காத்திருந்தால் கம்பியைக் கையால் எடுத்துவிடலாம் என்று அட்டவணை சொன்னது. எடுத்தார்கள். சில்லென்று இருந்தது என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் ரசித்தேன். அந்த அட்டவணையை அவள் நம்பத் தொடங்கியது அப்போதுதான். நானும்தான்.

பனிக்கட்டிதான் தொல்லையாகிவிட்டது. தினமும் மீன் கடைப் பக்கம் போய் வாங்கி, தெர்மகோல் பெட்டியில் வைத்து ஸ்கூட்டரில் கொண்டுபோக வேண்டும். பாதி வழியிலேயே உருகி வழியும். சோதனைக்கூட உதவியாளர் தரையைத் துடைத்துத் துடைத்துச் சலித்து, இது மெக்கானிக்கல் டிபார்ட்மெண்டா மீன் மார்க்கெட்டா என்று கேட்டிருக்கிறார். வழிகாட்டும் ஆசிரியர், மிகவும் இளையவர், வேறு யோசனை சொன்னார். சூடேற்றும்போது மட்டும் முனைகளில் குழாய்த் தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொள்ளலாம். சுவிட்சை அணைத்ததும் கிண்ணத்தை எடுத்துவிட்டு, முனைகளையும் பஞ்சால் அடைத்துவிடலாம். முனை வழியாகவும் வெப்பம் போகாது. அதற்கும் பாடப்புத்தகத்தில் கணக்கு உண்டு.

உண்டுதான். சைன் இருந்த இடத்தில் கொசைன் வரும். மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டு, திங்கட்கிழமை காலையில் தாளை என்னிடம் நீட்டினாள். நான் தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கை ஈரம் படாமல் தாளை ஓரத்தில் பிடித்துக்கொண்டு படித்தேன். மூன்று நிலைகள். முதல் நிலை, பூஜ்யம். இரண்டாம் நிலை, லாம்டா பூஜ்யம், ஆகவே விடையும் பூஜ்யம். மூன்றாம் நிலை, கொசைன். கண் வழுக்கிக்கொண்டு போனது. என் வரிதானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது?

அவள் சொன்னாள், "பாத்தியாமா, முகடு நடுவுல இருக்கறதால ஒத்தப்படை கொசைன் எல்லாம் விழுந்துடுது. மெதுவா தேயறது ரெண்டாவதுதான். அது பழைய சைனவிட நாலு மடங்கு ஃபாஸ்ட். எழுவது நிமிஷம் வேணாம், இருவதே போதும்."

இரண்டின் வர்க்கம் நான்கு. சரியாக இருந்தது. அட்டவணையையும் பார்த்தேன். கம்பியின் நடுப்புள்ளிக்கு மட்டும், ஐந்தாவது நிமிடத்திலிருந்து தொடங்கி எழுதியிருந்தாள். பதினைந்தில் தண்ணீரைவிட ஏழு டிகிரி அதிகம். இருபதில் மூன்று.

என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்; பட்டறை தெருக் கோடியில். கை விரல்கள் எப்போதும் அன்றைய நிறத்தில் இருக்கும், அன்றைக்கு அரக்கு. தலை நிமிராமலே கேட்டார்.

"முனைய மூடி வச்சா எப்பிடிமா சீக்கிரம் ஆறும்? நான் தொட்டிய மூடி வச்சிட்டு வந்தா மத்தியானம் வரிக்கும் கொதிச்சிக்கினு கீதே."

"அப்பா, இது சாயம் இல்லப்பா. இரும்பு. நடுவுல இருக்கற சூடு ரெண்டு பக்கமும் ஓடிடும்."

"ஓடி எங்க போவும்?"

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். "அதுக்கெல்லாம் கொசைன் போட்டிருக்கா உங்க பொண்ணு," என்றேன். அவர் இன்னொரு தோசை கேட்டார். தாளின் மூலையில் நான் பென்சிலால் ஒரு டிக் போட்டேன். அந்த டிக் இன்றும் என் கண்ணில் இருக்கிறது. ஓரத்தில் மாவு ஈரம் பட்டு, பென்சில் கொஞ்சம் பரவியிருந்தது.

அந்த டிக்கைப் பார்த்துத்தான் வழிகாட்டும் ஆசிரியரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கணக்கு மேடமே பார்த்துவிட்டார்களே என்று.

புதன்கிழமை எனக்குத் தேர்வு அறை மேற்பார்வை. காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை. கைப்பேசியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும், அறையை விட்டு நகரக் கூடாது. பதினொரு மணிக்கு மேல் மாற்று ஆள் ஒருவர் அறை அறையாக வந்து பத்து நிமிடம் விடுவிப்பார். அன்றைக்கே மகளும் தோழியும் புதிய முறையில் முதல் தடவையாகக் கம்பியைச் சூடேற்றப் போகிறார்கள். வெப்பநிலை மீட்டரைப் பக்கத்து அறையில் செய்முறைத் தேர்வுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். பரவாயில்லை, இன்றைக்கு ஒத்திகை மாதிரி ஒரு தடவை சூடாக்கி, ஆறவைத்து, கம்பி மாற்றிப் பழகிக்கொள்கிறோம் என்று காலையில் சொன்னாள். ஒன்பதரைக்குச் சூடேற்றியைப் போடுவது, பதினொன்றுக்கு அணைப்பது, பதினொன்று இருபதுக்குத் திறந்து கம்பியை எடுப்பது. எங்கள் வீட்டில் நான் காஸ் வால்வை இரண்டு தடவை பார்க்காமல் கிளம்ப மாட்டேன். அவள் ஸ்கூட்டர் எடுத்தால் தெரு திரும்பும் வரை வாசலில் நிற்பேன். அப்படிப்பட்டவள், இந்தத் திட்டத்தைக் கேட்டுக்கொண்டே பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

என் அறையில் இருபத்தைந்து பேர். எல்லாரும் அரியர் பிள்ளைகள், பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். வினாத்தாளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு மிச்சமிருந்த ஒன்றைப் பார்த்தேன். பதினாறு மதிப்பெண் பகுதியில் வெப்பக் கணக்கு. ஆனால் வழக்கமாக வருவதில்லை. கம்பியின் இரு முனைகளும் வெப்பம் வெளியேறாதபடி அடைக்கப்பட்டுள்ளன என்றிருந்தது. மகள் போட்ட அதே கணக்கு. எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது.

பத்தரை மணி வாக்கில் வரிசைகளுக்கு நடுவே நடந்தேன். ஜன்னலோரப் பையன் அந்தக் கணக்கைத் தொடங்கியிருந்தான். லாம்டா பூஜ்யம், ஆகவே விடையும் பூஜ்யம். அடுத்த பெண் தாளிலும் அதே வரி. அதற்கடுத்தவன் கோணல் எழுத்தில், அதே வரி. நாலைந்து பேர் தாண்டுவதற்குள் என் கால்கள் தயங்கின. இவர்களுக்கு மதிப்பெண் போகப்போகிறதே என்றுதான் முதலில் தோன்றியது.

ஏனென்றால் முனைகள் அடைபட்ட கம்பியில் அந்த வரி தப்பு. லாம்டா பூஜ்யமாகும்போது கிடைப்பது ஒரு நேர்கோடு. முனைகள் பனியில் இருந்தால் அந்தக் கோடு இரண்டு முனையிலும் பூஜ்யத்தைத் தொட வேண்டும், அதனால் மொத்தமாகச் செத்துவிடும். முனைகள் அடைபட்டிருந்தால் அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: சாய்வு இருக்கக் கூடாது. சாய்வில்லாத கோடு சாகாது. அது ஒரு மாறிலி. நெளிவே இல்லாத அலை. கம்பியின் சராசரி வெப்பநிலை. நெளிவு இல்லாததால் அது தேய்வதும் இல்லை. மற்ற கொசைன்கள் எல்லாம் தேய்ந்து போன பிறகு கம்பி முழுக்கச் சமமாக அதுதான் நிற்கும்.

நான்காவது வரிசையின் கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோசைக்கல் முன்னால் நான் பிடித்திருந்த தாளிலும் அந்த வரி இருந்தது.

ஓடி எங்க போவும்?

அந்தக் கணத்தில் நான் வெளியே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மேசைக்குப் போனேன். வெற்று விடைத்தாளின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒருவேளை நான்தான் தப்பாக நினைக்கிறேனோ, அவள் வேறு எங்காவது சராசரியைச் சேர்த்திருப்பாளோ, அறையை விட்டுப் போய் நாலு பேர் முன்னால் அசடு வழிய வேண்டாமே என்று. முகட்டின் உச்சம் தண்ணீரைவிட இருநூற்று நாற்பது டிகிரி அதிகம். சராசரி அதில் பாதி, நூற்றிருபது. பஞ்சு கொஞ்சம் விட்டாலும், அவள் திறக்கும்போது கம்பி தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேலே இருக்கும். நுனியிலிருந்து நுனி வரை, எங்கே பிடித்தாலும். கறுத்த இரும்பு, பார்த்தால் தெரியாது. வெளி ஓடு தொட்டால் குளிர்ந்திருக்கும். அவளுடைய அட்டவணையில் தொடக்க நேரத்தை, பூஜ்ய நிமிடத்தைப் போட்டிருந்தாலே தவறு மாட்டியிருக்கும். உச்சத்தில் பாதிதான் வந்திருக்கும். அவள் ஐந்தாவது நிமிடத்திலிருந்து தொடங்கிவிட்டாள். நானும் கேட்கவில்லை.

இதை உறுதிசெய்துகொள்ள எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. ஒரு தடவை தப்பாகப் பெருக்கி மறுபடி போட்டேன்.

தண்ணீர் கொடுக்கும் அம்மா வாசலுக்கு வந்தார். வாளியும் தம்ளருமாக மாடி முழுக்க அவர்தான். ஒரு துண்டுத் தாளில் 'கம்பியைத் தொடாதே' என்று எழுதி, மெக்கானிக்கல் சோதனைக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"துண்டு பேப்பரெல்லாம் வாங்க மாட்டேன் மேடம். பறக்கும் படை வந்துக்கினு இருக்குதாம். என் வேலை பூடும்."

அவர் சொன்னது நியாயம். தேர்வு நடக்கும் அறையிலிருந்து ஆசிரியை ஒரு துண்டுத் தாளை வெளியே அனுப்புகிறாள். வினாத்தாளிலும் கம்பி, தாளிலும் கம்பி. பிடித்தால் யார் நம்புவார்கள்? தாளைக் கசக்கினேன். வாயால் போய் அலுவலகத்தில் சொல்லுங்கள், என் மகள் அங்கே இருக்கிறாள், அந்தப் பெட்டியைத் திறக்கக் கூடாது, அடிபடும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் படி இறங்கினார்.

திரும்பி வந்து சொன்னார்: அலுவலகத்தில் இருந்தவர் சரி என்றாராம். சோதனைக்கூடத்துக்கு இன்டர்காம் போட்டாராம். மணி அடிக்கிறது, எடுக்கவில்லையாம். மறுபடி போடுவாராம்.

மணி பதினொன்று. அணைத்திருப்பாள். கிண்ணங்களை எடுத்திருப்பாள். முனைகளில் பஞ்சு வைத்திருப்பாள். நான் அறையில் நின்றேன். ஒரு பெண் கூடுதல் தாள் கேட்டாள், எண்ணைப் பதிந்து கொடுத்தேன். ஒருவன் தாள்களைக் கட்ட நூல் கேட்டான், கொடுத்தேன். கேள்வித்தாளில் எதையோ சந்தேகம் கேட்க ஒருவன் கை தூக்கினான். பதில் சொல்லக் கூடாது என்று தலையாட்டினேன். அறையில் பாதிப் பேர் என் வரியை எழுதிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கும் நான் எதுவும் சொல்ல முடியாது. கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு விளக்கக் கடிதம். அதிகம் போனால் ஒரு ஆண்டு ஊதிய உயர்வு போயிருக்கும். அதற்காகவா நின்றேன் என்று இன்றும் என்னையே கேட்கிறேன். நிற்கச் சொல்லி இருந்தது, நின்றேன்.

மாற்று ஆள் பதினொன்று பத்துக்கு வந்தார். அவர் கையொப்பம் போடுவதற்குள் நான் படியில் இருந்தேன்.

தேர்வுக் கட்டடம் வளாகத்தின் ஒரு கோடி. சோதனைக்கூடம் மறு கோடி, கேண்டீனையும் பேருந்து நிறுத்துமிடத்தையும் தாண்டி. வெயில். செருப்பு வார் அறுந்தது, விட்டுவிட்டு ஓடினேன். இன்னும் இருபது ஆகவில்லை, ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். உள்ளே நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பதினேழு.

பெட்டி திறந்திருந்தது. கம்பி தரையில் கிடந்தது.

மகள் மூலையில் தொட்டியருகே நின்றிருந்தாள், குழாய்க்கு அடியில் வலது கை. தோழி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மகள் அழவில்லை. என்னைப் பார்த்து, விளக்கம் சொல்கிறவள் போல, "பதினஞ்சுலயே ஏழு டிகிரிதான்னு போட்டிருந்ததுமா. அதான் சீக்கிரம் தொறந்துட்டேன்," என்றாள்.

நாலு விரல்களின் உள்பக்கமும் கட்டை விரலும். பிடித்துத் தூக்கியிருக்கிறாள். விட்டுவிட ஒரு நொடிக்கு மேல் ஆகியிருக்காது. தோல் வெள்ளையாக இருந்தது. நான் அதுவரை தீப்புண் என்றால் சிவப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

மருத்துவமனையில் டாக்டர் முதலில் எவ்வளவு சூடு என்று கேட்டார். நூறுக்கு மேல் என்றேன். எப்படித் தெரியும், மீட்டர் இருந்ததா என்றார். இல்லை, கணக்குப் போட்டேன் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஊசி முனையால் விரல்களைத் தொட ஆரம்பித்தார். சுண்டு விரலில் மகள் முகம் சுளித்தாள். மோதிர விரலிலும். நடுவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் டாக்டர் தொட்டுக்கொண்டே இருந்தார்.

"தெரியுதாமா?"

"இல்ல டாக்டர்."

"இப்ப?"

"இல்ல."

வலிக்காமல் இருப்பதுதான் பயப்பட வேண்டியது என்று அன்று தெரிந்துகொண்டேன். தோல் மூடிவிடும், உணர்ச்சி திரும்புமா என்பதை மூன்று நான்கு வாரம் போனால்தான் சொல்ல முடியும் என்றார். என் கணவர் பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தார், முழங்கை வரை மஞ்சள். நடந்ததைச் சொன்னேன். என் டிக்கையும் சொன்னேன். தோசை சாப்பிட்டுக்கொண்டே தான் கேட்டதை அவர் நினைவூட்டவில்லை. வராந்தாக் குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். சாயம் அப்படியெல்லாம் போகாது என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வாரங்களில் பல பயங்கள் வந்தன. புண் சீழ் பிடிக்குமா, தேர்வு எழுதுவாளா, கல்லூரியில் என்ன சொல்வார்கள் என்பவையெல்லாம் நாலைந்து நாளில் அடங்கிவிட்டன. அந்த இரண்டு விரல்களைப் பற்றிய பயம் மட்டும் குறையாமல் நாள் முழுக்கச் சமமாக இருந்தது. பேருந்தில், வகுப்பில், பல் தேய்க்கும்போது. அதற்கு ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை.

ஆய்வு அறிக்கையைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மகள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். லாம்டா பூஜ்யம் என்ற இடம் வந்ததும் என் பேனா தானாகவே பழைய வரியை எழுதத் தொடங்கிவிட்டது.

"மா, நிறுத்து. என்ன எழுதற?"

பார்த்தேன். அடித்தேன்.

"பதினெட்டு வருஷ வியாதி," என்றாள். "ஒரு நாள்ல போவாது. எழுது: சாய்வு பூஜ்யம், ஆகவே மாறிலி, ஆகவே சராசரி. அப்புறம் நேரம் பூஜ்யம் போட்டு சரிபாரு. இத கொட்டை எழுத்துல எழுது, உனக்காவ."

அவள் கேலி செய்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. அறிக்கையில் எங்கள் தவற்றை மறைக்காமல் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றாள். எழுதினோம். நான்கு மடங்கு வேகமாகத் தேய்ந்தது கம்பியின் சூடு அல்ல, ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் இருந்த வித்தியாசம். அதைத்தான் குளிர்ச்சி என்று நாங்கள் படித்துக்கொண்டோம் என்று. பிறகு மீட்டர் கிடைத்து, தடித்த கையுறை போட்டுத் தோழி அதைச் செய்து காட்டினாள். இருபது நிமிடத்தில் நடுவும் முனையும் ஒன்றாகிவிட்டன. ஒன்றான பிறகு, பஞ்சு வழியாகக் கசிந்து, ஒன்றாகவே மிக மெதுவாக இறங்கின. ஒரு மணி நேரம் கழித்தும் தொட முடியவில்லை. நான் கதவருகே நின்று பார்த்தேன். கம்பியிடம் போக முடியவில்லை.

வகுப்பில் இப்போது அந்த வரியைச் சொல்வதில்லை. மூன்று நிலைகளையும் முழுதாகப் போடச் சொல்கிறேன், விடை வந்ததும் நேரம் பூஜ்யத்தில் சரிபார்க்கச் சொல்கிறேன். பின் வரிசையிலிருந்து ஒருவன், "மேடம், அதுக்கு தனியா மார்க் இருக்குதா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் எழுதிக்கொள்ளவில்லை. அன்றைக்கு அந்த அறையில் எழுதிய இருபத்தைந்து பேரில் எத்தனை பேர் தேறினார்கள் என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு தினமும் காலையில் காபித் தம்ளரை அவள் பக்கம் நகர்த்துவேன். கேட்க மாட்டேன். அவள் ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் தொட்டுப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டு, இடது கையால் எடுத்துக் குடிப்பாள். மூன்றாம் வாரம் முடிந்தது. நாலாவது வாரமும் பாதி போனது. என் கணவர் அந்த நேரத்தில் வெளியே போய் நின்றுகொள்வார்.

ஒரு சனிக்கிழமை, செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே அவள் தம்ளரை வலது கையால் எடுக்கப் போனவள், சட்டென்று விரலை இழுத்துக்கொண்டாள். விரலையே பார்த்தாள். மறுபடி மெதுவாக வைத்தாள். முதலில் நடுவிரல், பிறகு ஆள்காட்டி விரல்.

"சுடுதுமா," என்றாள்.

"எந்த விரல்ல?"

"ரெண்டுலயும். கொஞ்சமா. இதுல ஊசி குத்தற மாதிரி."

நான் தம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி மேசையின் நடுவே, அவளுக்கு எட்டாத தூரத்தில் வைத்தேன். ஆறட்டும் என்றேன். ஆறும் வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.